ரோஜா நிறம் தெரிந்தால் வாங்கு: அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றின் ஸ்டோர் அறை

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில் இருக்கும் சிறிய இயந்திரப் பட்டறை இது. இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி, பழைய லேத்துகள் சில, ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பிரும்பு உறைகளைக் கடைந்து கொடுக்கிறார்கள்; வாகன உதிரிபாகம் செய்யும் வேறொரு நிறுவனத்துக்கு எஃகுத் தண்டுகளும் ஃபிளாஞ்சுகளும் போகின்றன. ஸ்டோர் என்று சொல்லப்படுவது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. மூன்று ஆங்கிள் ரேக்குகள், மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல், ஒரு மேஜை. ஸ்டோர் கீப்பர் என்று தனியாக ஆள் இல்லை; கணக்கு எழுதுபவரே பகலில் அதையும் பார்க்கிறார். இரவு ஷிஃப்டில் சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும்.

ஓர் இரவு ஷிஃப்டில் எஃகுத் தண்டு ஓட்டிக்கொண்டிருந்த லேத் நின்றது. சிஎன்எம்ஜி 120408 என்ற இன்சர்ட், அதாவது வெட்டும் உளியின் நுனியில் மாட்டும் சிறு கார்பைடு துண்டு, தேவைப்பட்டது. ரேக்கில் அந்தப் பெட்டி இருந்தது, திறந்தால் உள்ளே ஏழு இன்சர்ட்டுகளும் இருந்தன. ஏழும் தேய்ந்தவை. எண்பது டிகிரி முனை கொண்ட இந்த வகை இன்சர்ட்டில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு வெட்டு முனைகள் உண்டு. ஒரு முனை தேய்ந்ததும் மெஷினை அமைக்கும் செட்டர் அதைக் கழற்றி, இன்னும் மூன்று மீதமிருக்கிறதே என்று பெட்டியிலேயே போட்டுவிடுவார். அடுத்தவர் எடுத்து இன்னொரு முனையை ஓட்டிவிட்டு அவரும் அங்கேயே போடுவார். நான்கு முனைகளும் போன பிறகும் அது பெட்டிக்குள்தான் கிடக்கும். பெட்டி ஒருநாளும் காலியாகாது, ஆனால் அதில் பயன்படும் பொருள் எதுவும் இருக்காது.

மறுநாள் காலை முதலாளி கேட்டது, “பற்றாக்குறை ஏற்படப்போகிறது என்று முன்கூட்டியே நம் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?” என்பதுதான். அதைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் வேலைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் ஒரு பெட்டி என்று எழுதியிருந்தது. ஏட்டின் கணக்குப்படி அது சரியும்கூட.

நிறையப் பொருள், கொஞ்சம் இருப்பு

அறையைப் பார்த்ததும் பற்றாக்குறை உள்ள இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரேக்குகள் வழிந்தன. எட்டு வருடத்துக்கு முன்பு நின்றுபோன ஒரு ஜாப்புக்கு வாங்கிய ஃபார்ம் டூல்கள், கைப்பிடி போன வெர்னியர்கள், முனை மழுங்கிய மரை வெட்டும் டேப்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய, யாருடையது என்று தெரியாத கோலெட்டுகள், பாதி காலியான பெயின்ட் டின்கள். இவற்றுக்கு நடுவில் தினமும் வேண்டியவை எங்கோ இருந்தன. இல்லாத பொருள் கண்ணில் படவேண்டுமானால் அதற்கென்று ஓர் இடம் காலியாகத் தெரியவேண்டும். எல்லா இடமும் நிரம்பிக் கிடக்கும் அறையில் எதுவும் காலியாகத் தெரியாது. பற்றாக்குறையை மறைத்து வைத்திருந்தது மிகுதிதான்.

ஆகவே லேபிளும் நிறமும் ஒட்டுவதற்கு முன்னால் அறையைக் காலி செய்தோம். ஆயுத பூஜைக்கு எப்படியும் பட்டறையைக் கழுவித் துடைப்பார்கள். அந்த வாரத்தையே எடுத்துக்கொண்டோம். ரேக்கிலிருந்த எல்லாவற்றையும் வெளியே தரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் கேட்ட கேள்வி ஒன்றே: கடந்த ஆறு மாதத்தில் எந்த ஜாப்புக்கு இதை எடுத்தீர்கள்? பதில் இருந்தால் உள்ளே போகும். பதில் இல்லாதவை சிவப்புச் சீட்டுக் கட்டப்பட்டு, படிக்கட்டுக்கு அடியில் போகும். தை மாதம் வரை யாரும் கேட்காவிட்டால் விற்பனைக்கு. தேய்ந்த கார்பைடு இன்சர்ட்டுகள் எடைக்கு நல்ல விலை போகும் சரக்கு. அவற்றுக்கு மட்டும் பூட்டுப் போட்ட ஒரு டப்பாவைக் கதவருகே வைத்தோம். மேலே ஒரு துவாரம், உண்டியலைப் போல. உள்ளே போட்டதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. இரவு ஷிஃப்ட் நின்ற கதைக்கு நேரடி மருந்து அந்த உண்டியல்தான், நிறமல்ல.

பாதி ஓடிய இன்சர்ட்டுகளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அவை ஸ்டோருக்குத் திரும்பவே கூடாது என்று முடிவானது. ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய தட்டு. அதில் நடப்பு ஜாப்புக்கான இன்சர்ட்டுகள் மட்டும். ஓடிய முனையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி. நான்கு புள்ளியும் விழுந்ததும் உண்டியல். ஸ்டோரில் இருக்கும் பெட்டிக்குள் புதியவை மட்டும் என்பது உறுதியான பிறகுதான், பெட்டியைப் பார்த்தே இருப்பை அறியலாம் என்ற பேச்சுக்கே அர்த்தம் வருகிறது.

லேபிள் யாருக்குச் சொந்தம்

முன்பும் லேபிள்கள் இருந்தன. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்தார்கள். அதனால் டப்பாவை யாராவது மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெயரும் கூடவே போய்விடும். ரேக்கில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். அதை ஒரு வாரத்துக்குள் வேறொரு டப்பா வந்து நிரப்பிவிடும். எது காணாமல் போனது என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது.

பெயரை டப்பாவிலிருந்து பெயர்த்து ரேக்கின் முன்விளிம்பில் ஒட்டியதுதான் இந்த வேலையில் நான் பெரிதாக மதிக்கும் மாற்றம். டப்பாவிலும் ஒரு பிரதி உண்டு. எங்கே திருப்பி வைக்கவேண்டும் என்பதற்கு. ஆனால் முதல் உரிமை தட்டுக்கு. டப்பா போனாலும் பெயர் அங்கேயே நின்று, இங்கே எம்8 டேப் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். ரேக்குகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்து; மேலிருந்து கீழாகத் தட்டு எண்; இடமிருந்து வலமாக இட எண். “ஆ-3-5” என்றால் இரண்டாம் ரேக், மூன்றாம் தட்டு, ஐந்தாம் இடம். ரேக் எழுத்து கதவிலிருந்தே தெரியவேண்டும். பெயர்ப்பலகை எழுதுபவர்கள் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், அதையே பின்பற்றினோம். மற்ற எழுத்துகள் கைக்கெட்டும் தூரத்தில் படித்தால் போதும்.

ஒவ்வொரு லேபிளிலும் என்ன எழுதுவது என்பதில் கொஞ்சம் சண்டை நடந்தது. கணக்கு எழுதுபவர் பார்கோடு, பொருள் எண், விலை எல்லாம் வேண்டும் என்றார். இரவு ஷிஃப்டில் எண்ணெய்க் கையோடு வரும் ஆளுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. கடைசியில் நான்கு விவரங்கள் மட்டும் நின்றன: பட்டறையில் எல்லாரும் சொல்லும் பெயர், அளவு, எந்த ஜாப்புக்கு, இட முகவரி. கூடவே அந்தப் பொருளின் உண்மை அளவுக் கோட்டுப்படம். 120404-க்கும் 120408-க்கும் எழுத்தில் ஓர் எண்தான் வித்தியாசம். மூக்கு ஆரம் ஒன்றில் 0.4 மில்லிமீட்டர், மற்றதில் 0.8. மாற்றிப் போட்டால் தண்டின் தோள் மூலையில் அளவு தப்பும், மேற்பரப்பும் மாறும். அதனால் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காமல் வேறு வேறு தட்டில் வைத்தோம். அகர வரிசையில் அடுக்கினால் இவை பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காரும். பட்டறை ஸ்டோரில் அகர வரிசை ஓர் ஆபத்து.

சேர்த்து வைக்கவேண்டியவையும் உண்டு. எம்8 × 1.25 டேப்பை எடுப்பவருக்கு முதலில் 6.8 மில்லிமீட்டர் டிரில் வேண்டும். எம்6-க்கு 5.0, எம்10 × 1.5-க்கு 8.5. முன்பு டிரில்கள் ஒரு ரேக்கிலும் டேப்கள் இன்னொரு ரேக்கிலும் இருந்தன. இப்போது டேப்பும் அதன் டிரில்லும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதன் பலன் தேடும் நேரம் குறைந்தது மட்டுமல்ல. 6.8 கிடைக்காமல் 6.5-ஐப் போட்டுத் துளைத்து, டேப் இறுகி ஒடிவது பழைய வழக்கம். டேப் தீர்ந்துபோவதற்கு டிரில் தீர்ந்ததே பாதிக் காரணம் என்பது இரண்டும் பக்கத்தில் இருந்தால்தான் கண்ணுக்குப் படுகிறது.

லேபிள் ஒட்டுவது என்பது சென்னையில் தனிக் கலை. எண்ணெய்ப் படலம் உள்ள இரும்பில் எந்த ஸ்டிக்கரும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. தின்னர் போட்டுத் துடைத்த பிறகும் ஐப்பசி ஈரத்தில் மூலைகள் சுருண்டன. கடைசியில் விளிம்போடு பிளாஸ்டிக் லேபிள் பிடிகளை ரிவெட் அடித்துவிட்டு, அட்டையை உள்ளே செருகினோம். அடுத்த வருட ஆயுத பூஜை அன்று ரேக்குகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள்; அ-1 முகவரி சில நாட்கள் அம்மன் முகமாக இருந்தது. பிடிக்குள் இருந்த அட்டைக்குச் சேதமில்லை.

சிவப்பு ஏற்கெனவே குடியிருந்தது

நிறக் குறியீடு என்றதும் முதலாளியின் மகன் உற்சாகமாகி ஏழு நிறங்களில் ஒரு திட்டம் போட்டார். லேத்துக்கு நீலம், விஎம்சிக்குப் பச்சை, டிரில்லிங்குக்கு மஞ்சள், அவசரத்துக்குச் சிவப்பு, இப்படி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பட்டறைக்குள் பெரும்பாலான நிறங்களுக்கு ஏற்கெனவே பட்டா வழங்கப்பட்டாயிற்று. மின் கம்பியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸ்கள். அசிட்டிலீன் சிலிண்டர் மெரூன், ஆக்சிஜன் கறுப்பு. தீயணைப்புக் கருவி சிவப்பு. இதையெல்லாம்விட முக்கியமானது இன்சர்ட் பெட்டிகளின் நிறம். வெட்டும் பொருளுக்கேற்ப நிறமிடும் ஐஎஸ்ஓ 513 என்ற தரநிலை ஒன்று உண்டு. தயாரிப்பாளர்கள் அந்த நிறங்களைப் பெட்டியிலும் லேபிளிலும் காட்டுவார்கள். பி வகை எஃகு நீலம், எம் வகை துருப்பிடிக்காத எஃகு மஞ்சள், கே வகை வார்ப்பிரும்பு சிவப்பு, அலுமினியம் போன்றவற்றுக்கான என் வகை பச்சை.

இந்தப் பட்டறையில் பாதி வேலை வார்ப்பிரும்பு. ஆகவே ரேக்கில் பாதிப் பெட்டிகளில் சிவப்புக் கோடு எப்போதும் இருக்கும். தீர்ந்துவிட்டது என்பதற்கும் சிவப்பையே வைத்தால், வார்ப்பிரும்புத் தட்டு வருடம் முழுக்க அபாய அறிவிப்பாகவே நிற்கும். ஒரு வாரத்தில் கண் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடும். பிறகு உண்மையான அபாயத்தையும் பார்க்காது.

எனவே திட்டத்தைக் கிழித்து இரண்டே விதிகளாக்கினோம். எந்த உலோகத்துக்கு எந்த இன்சர்ட் என்பதைத் தரநிலையின் நிறமே சொல்லட்டும். நாம் அதில் கைவைக்க வேண்டாம். வாங்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதற்குப் பட்டறையில் வேறு எதற்கும் பயன்படாத ஒரு நிறம். ரோஜா நிறம் கிடைத்தது. ரோஜா தெரிந்தால் வாங்கு. வேறு எந்த நிறமும் இருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. லேத், விஎம்சி என்று பிரிக்க நிறம் தேவைப்படவில்லை. ரேக் எழுத்தே அதைச் செய்துவிடுகிறது.

அதற்குப் பிறகு இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலில் ஒட்டியது பளிச்சென்ற ஒளிரும் ரோஜாக் காகிதம். ஒளிரும் சாயங்கள் வெயிலில் வேகமாக வெளுக்கும். மேற்கு ஜன்னல் வெயில் விழும் அ ரேக்கில் மாசி முடிவதற்குள் அது அழுக்கு வெள்ளையாகிவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் பற்றாக்குறையே இல்லை என்பது போல ஒரு தோற்றம். பெயின்ட் கடையில் கலந்து வாங்கிய ரோஜா எனாமலை அடித்த பிறகு நிலைத்தது. இன்னொன்றைச் சொன்னவர் மூத்த செட்டர். அவருக்குச் சிறுவயதிலிருந்தே சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. இன்சர்ட் பெட்டியை நிறம் பார்த்து அல்ல, பி, கே என்ற எழுத்தைப் பார்த்துத்தான் எடுப்பாராம். ரோஜா அவருக்குச் சாம்பலாகத் தெரிந்தது. ரேக்கின் நிறமும் சாம்பல். இந்தக் குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். ஆண்களே நிறைந்த பட்டறையில் யாருக்குமே இருக்காது என்று நினைப்பது தவறு. ரோஜாவின் மேல் குறுக்குக் கறுப்புக் கோடுகள் போட்டோம். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் கோடு தெரியும். இந்த வேலையை எடுப்பவர்கள் கைப்பேசியில் அறையைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கலாம். அதிலும் பற்றாக்குறை தெரிந்தால் நிறக் குறியீடு சரி.

ரோஜா எந்த உயரத்தில்

கோட்டை எங்கே போடுவது என்பதைக் கண்ணளவில் முடிவு செய்தால் வீண். இரவு ஷிஃப்டை நிறுத்திய அதே இன்சர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதக் கொள்முதல் பில்களைக் கூட்டிப் பார்த்ததில் வேலை நாளுக்குச் சராசரி நான்கு இன்சர்ட் ஆனது. வழக்கமான டீலரிடம் இருந்தால் இரண்டு நாளில் வரும். அவரிடம் இல்லாமல் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்தால் ஆறு வேலை நாட்கள் ஆனதுண்டு. நல்ல நாளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஆறு நாளுக்கு 24. வேலை மிகுந்த ஒரு வாரத்தில் 30 வரை போயிருந்தது. கூடுதலான அந்த ஆறு இன்சர்ட்டையும் சேர்த்தால் 30. ஒரு பெட்டியில் பத்து. ஆக மூன்று பெட்டி மிஞ்சும்போது ஆர்டர் போகவேண்டும்.

பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க, பக்கத் தடுப்புள்ள ஒரு குறுகிய கூண்டு செய்தோம். ஆறு பெட்டிக்கு மேல் அதில் நுழையாது. அளவு கடந்து வாங்குவதற்கும் அதுவே தடை. கூண்டின் பின்சுவரில் நான்காம் பெட்டியின் உயரத்தில் மட்டும் ரோஜாப் பட்டை. அதை மறைத்து நான்கு பெட்டி நின்றால் பிரச்சினை இல்லை. மேலிருந்து எடுத்துக்கொண்டே வந்து நான்காவது போனதும் பட்டை வெளிப்படுகிறது; கீழே மூன்று இருக்கின்றன. யாரும் எதையும் எண்ணவேண்டியதில்லை, ஏட்டைத் திறக்கவேண்டியதில்லை.

டேப்களுக்குக் கூண்டு பொருந்தாது. கெட்டி ஃபோமில் ஐந்து குழிகள் வெட்டி வரிசையாக வைத்தோம். இடமிருந்து வலமாக எடுக்கவேண்டும். மூன்றாவது குழியின் அடியில் ரோஜா. மூன்றாவது டேப்பை எடுத்தால் நிறம் தெரியும், இரண்டு மீதம். காட்டன் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பின்னால் சுவரிலேயே ஒரு பட்டை. மூட்டைகள் குறைந்து பட்டை தெரிந்தால் வாங்கவேண்டும். கூலன்ட் கேன்கள்தான் தொல்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாத நீலக் கேன்கள் அவை. நிறைந்ததும் காலியானதும் ஒரே மாதிரி நிற்கும். அதனால் முடிவு எளிமையானது: திறந்த கேனுக்கு இடம் மெஷின் பக்கத்தில், காலியானதற்கு இடம் கட்டடத்துக்கு வெளியே, ஸ்டோருக்குள் சீல் உடைக்காதவை மட்டும். தரையில் பெயின்ட் அடித்து இடம் குறித்தால் கூலன்ட் கசிந்தே அது அழிந்துவிடும் என்பதால் கோடு சுவரில்.

கூலன்ட் கேன்களைக் கீழ்த்தட்டில் வைத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தொழிற்பேட்டையில் தண்ணீர் நின்றது. அன்று கீழ்த்தட்டில் இருந்த அளவுக் கருவிகள் நனைந்து துருவேறின; இன்சர்ட்டுகளின் அட்டைப்பெட்டிகளும் ஊறிப்போயின. தண்ணீர் பட்டாலும் கெடாதது எதுவோ அதுதான் இப்போது கீழ்த்தட்டில்: மூடிய கேன், சோப்பு எண்ணெய். எடை அதிகமானவையும் அங்கேதான் இருக்கவேண்டும் என்பதால் இரண்டு நியாயங்களும் ஒத்துப்போயின. அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில்.

காலி என்றால் எப்போதும் குறை அல்ல

ரேக் அமைத்த சில நாட்களில் பக்கத்துப் பட்டறை ஃபோர்மேனை அழைத்துவந்து கதவில் நிறுத்தினோம். “உள்ளே வராமல், எது தீர்ந்துபோகிறது என்று சொல்லுங்கள்” என்றோம். இந்தப் பொருட்களைத் தெரிந்தவர், ஆனால் இந்த ஸ்டோரைத் தெரியாதவர். சரியான ஆள். மூன்று இடங்களைச் சரியாகக் காட்டினார். நான்காவதாக அவர் காட்டியது 11.8 மில்லிமீட்டர் சாலிட் கார்பைடு டிரில்லின் காலி இடம். அது வருடத்துக்கு ஒரு முறை வரும் ஒரு ஜாப்புக்கு மட்டும் வேண்டியது. விலை அதிகம் என்பதால் ஆர்டர் வந்தால்தான் வாங்குவார்கள். காலியாக இருப்பதே அதன் இயல்பு.

அங்கே ரோஜா இல்லை. வெறும் காலி இடம்தான். ஆனால் காலி இடமே குறையைச் சொல்லும் என்று நாம் அறைக்குக் கற்பித்த பிறகு, எந்தக் காலி இடமும் குறையாகத்தான் படிக்கப்படும். அப்படிப்பட்ட பொருட்களைத் தனித் தட்டுக்கு மாற்றி, வெள்ளை அட்டையில் “ஆர்டர் வந்தால் மட்டும்” என்று பெயருக்கு மேலேயே எழுதினோம். அந்தத் தட்டைப் பார்த்து யாரும் எதையும் வாங்கமாட்டார்கள். திட்டமிடுபவர் ஜாப் கார்டு எழுதும்போது அதைக் கவனிப்பது அவருடைய பொறுப்பு. கண்ணால் பார்க்கும் முறையின் எல்லை இங்கேதான் முடிகிறது. வழக்கமாகச் செலவாகும் பொருளுக்கு அது ஏட்டைவிட நம்பகமானது. புதிய ஜாப் வந்து தேவை திடீரென்று இரட்டிப்பானால் ரோஜாக் கோடு பழைய வேகத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை கோடுகளை மறுபடி கணக்கிடாவிட்டால் அவை பொய் சொல்லத் தொடங்கும். எப்படித் தெரியும்? ரோஜா தெரிந்து, ஆர்டர் போட்டு, சரக்கு வருவதற்குள் கடைசிப் பெட்டி திறக்கப்பட்டிருந்தால் கோடு தாழ்வாக இருக்கிறது. சரக்கு வரும்போது எப்போதும் இரண்டு பெட்டி மீதமிருந்தால் கோடு உயரம். பணம் ரேக்கில் தூங்குகிறது.

பார்த்தவர் என்ன செய்வார்

ரோஜா தெரிகிறது. யார் சொல்வது, யாரிடம்? முதல் சில வாரங்களில் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. மற்றவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பார்ப்பது மட்டும் போதாது, கையில் ஒன்று சிக்கவேண்டும் என்பது அதற்குப் பிறகு புரிந்தது. டொயோட்டாவில் தாய்இச்சி ஓனோ வளர்த்தெடுத்த கன்பான் அட்டையின் எளிய வடிவம் இதற்குப் போதுமானதாக இருந்தது. கோட்டுக்கு இணையான பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு ஓர் அட்டை; அந்தப் பெட்டியை எடுப்பவர் அட்டையைக் கழற்றிக் கதவருகே உள்ள பலகையின் இடப்பக்க ஆணியில் மாட்டவேண்டும். ஆர்டர் போனதும் கணக்கு எழுதுபவர் அதை வலப்பக்கத்துக்கு மாற்றி, தேதி எழுதுவார். சரக்கு வந்து அடுக்கும்போது அட்டை மறுபடி பெட்டிக்குப் போகும். தினமும் மாலையில் அவர் பலகையைப் படமெடுத்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். முதலாளி பாரிமுனைப் பக்கம் போகும் நாட்களில் அந்தப் படமே அவருக்குச் சந்தைச் சீட்டு.

அட்டை சட்டைப் பையில் போய் வீட்டுத் துவைகல்லில் கரைவது இந்த முறையின் பொதுவான மரணம். சட்டைப் பையில் நுழையாத அளவுக்குப் பெரிய அட்டை அதைத் தடுத்தது. அட்டை தொலைந்தாலும் ரோஜாப் பட்டை பின்சுவரில் அப்படியே இருக்கிறது. பட்டை தெரிகிறது, பலகையில் அட்டை இல்லை என்றால் எங்கோ நழுவிவிட்டது என்று பொருள். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சூப்பர்வைசர்களும் சேர்ந்து இதை மட்டும் ஒத்துப்பார்க்கிறார்கள். ஒவ்வொரு ரேக் முன்னாலும் ஒரு நிமிடம் நின்றால் முடிந்துவிடும்.

முழுமையாகத் தீராமல் இருப்பது பதுக்கல். ஸ்டோரில் கிடைக்காது என்று பழகிய செட்டர்கள் தங்கள் இழுப்பறையில் நல்ல இன்சர்ட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பார்கள். ரேக்கில் ரோஜா தெரியும். பட்டறை முழுவதும் தேடினால் இரண்டு பெட்டிச் சரக்கு இழுப்பறைகளில் இருக்கும். இதற்குத் திட்டினால் பயனில்லை, இழுப்பறைகளைச் சோதனை போட்டாலும் மறைவிடம் மாறும். மெஷின் தட்டில் ஒரு ஷிஃப்டுக்கு வேண்டிய இடங்களை மட்டும் வரைந்திருக்கிறோம். அதற்கு மேல் எடுப்பவர் பலகையில் பெயர் எழுதவேண்டும். இளைஞர்கள் இப்போது அதிகமாக எடுப்பதில்லை. மூத்த செட்டரின் இழுப்பறை மட்டும் இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. முதலாளி அதைக் கேட்கவேண்டாம் என்றுவிட்டார். அவர் எடுப்பதைச் சேர்த்தே நாளைக்கு நான்கு என்ற சராசரி வந்திருப்பதால் கோட்டின் கணக்குக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. அவர் ஓய்வு பெறும் மாதத்தில் மட்டும் கோட்டை ஒருமுறை மாற்றிக் கணக்கிடவேண்டியிருக்கும்.